நெ. 2, மா. 2 தடவை

பெரியப்பாவின் நாட்குறிப்புகள் ஐந்து நோட்டுகள். 1968இல் தொடங்கி 1974இல் நிற்கின்றன. அவர் மகள், என் அக்கா, ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். "படிச்சுப் பாரு, ஒரு வரியும் புரியலை. அப்பா கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன எழுதியிருக்கார்னு தெரியலை" என்றாள்.

அவள் சொன்னது சரி. எழுத்து அச்சுப்போல இருந்தது. ஆனால் ஒரு நாள் இப்படி இருக்கும்:

"கா. மழை. அ.த்தில் ௸ வேலை. ரா. தூ. இல்லை. மா. 2 தடவை. நெ. 2."

ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது, எதுவும் தெரியவில்லை. ஐந்து நோட்டும் இப்படித்தான்.

சுருக்கெழுத்து நாட்குறிப்பு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவர் சாமுவேல் பீப்ஸ். 1660 முதல் 1669 வரை லண்டனில் எழுதிய அவருடைய குறிப்புகளை ஜான் ஸ்மித் என்ற மாணவர் 1819இல் எடுத்துக்கொண்டு 1822 வரை உட்கார்ந்து படித்து முடித்தார். பீப்ஸ் பயன்படுத்தியது தாமஸ் ஷெல்டன் என்பவர் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை. அதன் விளக்கநூல் பீப்ஸின் சொந்த நூலகத்திலேயே இருந்தது. ஸ்மித்துக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஸ்மித்துக்காக வருத்தப்படுவேன். பெரியப்பாவின் நோட்டைத் திறந்தபிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவருக்கு எங்கோ ஒரு புத்தகமாவது இருந்தது. தன் வசதிக்குத் தானே வார்த்தையை வெட்டிக்கொண்ட மனிதருக்கு விளக்கநூல் கிடையாது. அதை அந்தப் பக்கங்களிலிருந்தேதான் எழுதியெடுக்க வேண்டும்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்யும்போதே விரித்து எழுதிக்கொண்டு போனேன். "ரா." என்று வந்த இடத்திலெல்லாம் "ராத்திரி" என்று அடித்தேன். "ரா. தூ. இல்லை" என்பது ராத்திரி தூக்கம் இல்லை என்று பளிச்சென்று புரிந்ததால் வந்த துணிச்சல். அறுபது பக்கம் தாண்டியபிறகு "ராத்திரி வந்தார், புத்தகம் கொடுத்தார்" என்று ஒரு வரி. திரும்பிப் பார்த்தால் பல இடங்களில் "ரா." ஒரு மனிதர். எந்த இடத்தில் பெரியப்பா என்ன எழுதியிருந்தார் என்பது என் தட்டச்சில் அழிந்துபோயிருந்தது. அறுபது பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அதன்பிறகு ஒரே விதி: அவர் போட்ட புள்ளி, இடைவெளி, அடிக்கோடு எல்லாம் அப்படியே. விரிவு வேறு கோப்பில்.

அந்த வேறு கோப்புதான் சொற்பட்டியல். எனக்கு ஆறு பத்திகள் தேவைப்பட்டன: குறி, அது வரும் பக்கங்கள், விரிவு, பொருள், எந்தக் காலத்தில் அப்படி, எவ்வளவு உறுதி. விரிவும் பொருளும் ஏன் தனித்தனி என்று ஆரம்பத்தில் எனக்கே தெரியாது. யாரோ அப்படிப் போடச் சொன்னார்கள், போட்டேன். காரணம் பின்னால் வரும்.

முதல் வேலை, அவருடைய சொந்தக் குறி எது, அந்தக் காலத்து எல்லாரும் எழுதியது எது என்று பிரிப்பது. ௸ என்பது அவர் கண்டுபிடித்ததல்ல, "மேற்படி" என்பதற்கான பழைய தமிழ்க் குறி. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். பழைய கணக்கு நோட்டும் பத்திரமும் பார்த்தவர்களுக்கு இவை பழக்கம். "௸யார் வந்தார்" என்றால் மேற்படியார், அதாவது முந்தைய வரியில் சொன்ன அதே ஆள். இவற்றைப் புதிராக நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆபத்து எதிர்ப்பக்கம்தான் அதிகம். ஊர் உலகம் முழுக்க ஒரு பொருளில் எழுதும் குறியை எழுதியவர் வேறு பொருளில் வைத்திருந்தால் நாம் நின்று யோசிக்கவே மாட்டோம். "நெ." அப்படிப்பட்டது. நெ. 12 என்றால் நெம்பர் 12. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் போகும் முன், தமிழில் எழுதிய நாட்குறிப்பு நமக்குச் செய்யும் ஓர் உதவியைச் சொல்லவேண்டும். சோம்பேறித்தனத்தில் வார்த்தையின் நடுவை வெட்டுகிறவர்கள் வேற்றுமை உருபை வெட்டுவதில்லை. அது போனால் வாக்கியம் நிற்காது. "அ.த்தில்" என்று அவர் எழுதும்போது, தெரியாமலே அந்தச் சொல்லின் வாலைக் காட்டிவிடுகிறார். "-த்தில்" வந்தால் சொல் "அம்" என்று முடிகிறது. அலுவலகம், அலுவலகத்தில். "வீ.ட்டில்" என்றால் "டு". "-யில்" வந்தால் இ, ஈ அல்லது ஐ. உயர்திணை என்றால் "-இல்" வராது, "-இடம்" வரும். "ரா." விவகாரம் இதில்தான் தீர்ந்தது. "ரா.யில் குளிர்" என்பது ராத்திரி. "ரா.விடம் கேட்டேன்" என்பது ஆ அல்லது உ ஒலியில் முடியும் பெயருடைய ஒருவர். உருபே இல்லாத இடத்தில் வினைமுற்றைப் பார்க்கலாம்: வந்தார் என்றால் ஆள், வந்தது என்றால் ஆளில்லை.

இதற்கும் எல்லை உண்டு. "ரா. நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம்" என்று ஒரு வரி. ராத்திரி பேசினார்களா, ரா-வோடு பேசினார்களா? உருபும் இல்லை, பேசினோம் என்பது இரண்டுக்கும் பொருந்தும். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

அதே எழுத்து காலப்போக்கில் வேறு ஆளாக மாறுவதும் உண்டு. முதல் மூன்று நோட்டுகளில் "அ.வுக்கு மருந்து", "அ.வுக்குக் கண் பரவாயில்லை". அம்மா. மூன்றாம் நோட்டில் ஒரு நாள் மட்டும் "அம்மா" என்று முழுதாக எழுதியிருக்கிறார், அது பாட்டி இறந்த நாள். தேதி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு ஏழு மாதம் "அ." இல்லை. திரும்ப வரும்போது "அ.வுக்குக் கடிதம்". இது அண்ணா. இரண்டுக்கும் உருபு ஒன்றுதான், வால் உதவாது. காலம் என்ற பத்தி இல்லாவிட்டால், இறந்தவருக்குக் கடிதம் போட்டார் என்று உருக்கமாக எழுதியிருப்பேன்.

இனி "நெ."

இரண்டாம் நோட்டின் நடுவில் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளின் கடைசியிலும் வரும். அந்த நாள்களில் அவர் நிறையக் கடிதம் எழுதினார், அதனால் கடிதத்துக்கு நெம்பர் போட்டு வைத்திருக்கிறார் என்று பட்டியலில் எழுதி "உறுதி" என்றும் போட்டேன். மூன்று வாரம் அப்படியே இருந்தது. பிறகு எல்லா இடங்களையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், ஒரு வரி போதும்:

```
grep -n -F "நெ." kurippu.txt
```

`-F` முக்கியம். அது இல்லாவிட்டால் புள்ளியை "ஏதாவது ஓர் எழுத்து" என்று எடுத்துக்கொண்டு நெடு, நெல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

812 இடங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்ததும் நெம்பர் கதை ஒரு நிமிடத்தில் சரிந்தது. எண்கள் ஏறிக்கொண்டு போகவில்லை. 2, 3, 1, 0, 4, 2. ஒன்பதைத் தாண்டவே இல்லை. பூஜ்யம் நிறைய. பூஜ்யம் நெம்பர் கடிதம் யாரும் எழுதுவதில்லை. மூன்று இடத்தில் ½ வேறு. ஆக, இது வரிசை எண் இல்லை, எண்ணிக்கை. ஒரு நாளில் ஒன்பது தடவைவரை நடக்கிற, சில நாள் நடக்காத, பாதியாகவும் நடக்கக்கூடிய ஒன்று.

அப்போது எனக்கு வந்த யோசனை நெஞ்சுவலி.

பெரியப்பா மாரடைப்பில் போனவர். நோட்டுகள் முடிந்து பல வருடம் கழித்துத்தான் என்றாலும், நெ. என்றதும் மனம் அங்கே போய்விட்டது. அதோடு "மா. 2 தடவை. நெ. 2" என்ற வரிகள் வேறு. மா. என்றால் மாத்திரை. வலி இரண்டு முறை, மாத்திரை இரண்டு முறை. எண்கள்கூடப் பல நாள் ஒத்துப்போயின. வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் வருடக்கணக்காக வலியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லும் அளவுக்கு நம்பினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தத் தொலைபேசியை நான் செய்திருக்கக் கூடாது.

ஏனென்றால் இதில் ஒரு வட்டம் இருந்தது. மா. ஏன் மாத்திரை? நெ. நெஞ்சுவலி என்பதால். நெ. ஏன் நெஞ்சுவலி? மாத்திரை போட்டிருக்கிறாரே. இரண்டு ஊகங்கள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றுகொண்டிருந்தன, இரண்டுக்கும் கீழே தரை இல்லை. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: பட்டியலில் ஒவ்வொரு ஊகத்துக்கும் சான்றாக எந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன் என்று பார்ப்பது. சான்று வரியிலேயே இன்னொரு ஊகம் உட்கார்ந்திருந்தால் அந்த வரி செல்லாது. அப்படித் தள்ளியபோது நெஞ்சுவலிக்கு என் கையில் ஒரு பக்கமும் மிஞ்சவில்லை.

மா.-வைத் தனியாக எடுத்தேன். "மா.யில்" என்று ஒரு வரி. மாத்திரையில் என்றும் ஆகலாம், வால் ஒத்துப்போகிறது. ஆனால் முழு வரி இது: "மா.யில் ஈரம். கீழேயே இருந்தேன். நெ. 0." ஈரமான மாத்திரைக்கும் கீழே இருப்பதற்கும் சம்பந்தமில்லை. மாடி. மொட்டை மாடியில் ஈரம், ஆகவே கீழேயே இருந்தார், ஆகவே நெ. பூஜ்யம். மாடிக்கு இரண்டு தடவை போனால் நெ. இரண்டு. நெஞ்சுவலிக்காரர் மாடி ஏறுகிற நாளில்தான் வலியெடுக்கும் என்று வாதிட்டுப் பார்த்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க வாதிட்டேன். பிடித்த ஊகத்தை விடுவது அவ்வளவு சுலபமில்லை.

முடித்துவைத்தது வேறு வரிகள். 812இல் 781 இடங்களில் "நெ."க்குப் பின்னால் வெறும் எண். அவை எத்தனை இருந்தாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. எண் இல்லாமல் வருகிற 31 இடங்கள்தான் வாயைத் திறக்கின்றன. பழக்கமான சட்டத்திலிருந்து விலகி எழுதும்போது எழுதுகிறவர் கூடுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்த 31ஐயும் ஒரு தாளில் எழுதிவைத்தேன். அதில் ஒன்று: "கீழ் வீட்டாரிடம் நெ. கடன். திருப்பித் தரவேண்டும்."

நெஞ்சுவலியை யாரும் கடன் வாங்குவதில்லை. அன்று தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

இன்னொன்று: "யாரோ வரும் சத்தம். நெ.ப்பை அணைத்துவிட்டு இறங்கினேன்." வால் கிடைத்துவிட்டது. "-ப்பை" என்றால் சொல் "ப்பு" என்று முடிகிறது. நெ-வில் தொடங்கி ப்பு-வில் முடியும் சொற்களில் அணைக்கக்கூடியது ஒன்றுதான். நெருப்பு.

இங்கேதான் விரிவும் பொருளும் ஏன் தனித்தனிப் பத்தி என்று புரிந்தது. விரிவு: நெருப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நெருப்பு என்றால்? அரை நெருப்பு? கடன் வாங்கும் நெருப்பு? மாடியில், ஆள் வரும் சத்தம் கேட்டதும் அணைக்கும் நெருப்பு? பதில் என்னவென்று உங்களுக்கு இப்போது தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை "தெரிந்து"விட்டவன் நான். பொருள் பத்தியில் "சிகரெட்?" என்று கேள்விக்குறியோடு எழுதி, "ஊகம்" என்று போட்டு நிறுத்திக்கொண்டேன்.

மறைத்து எழுதுகிறவர்களும் எங்கோ ஓரிடத்தில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆன் லிஸ்டர் தன் நாட்குறிப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் குறியெழுத்தில் எழுதினார். பிற்காலத்தில் அதை உடைத்தவர்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு சொல். "கடவுளே என்" என்பதுபோல வெளிப்படையாகத் தொடங்கும் வாக்கியத்தில் அடுத்த சொல் மட்டும் குறியில் இருந்தது. அது "நம்பிக்கை" என்பதற்கான ஆங்கிலச் சொல்லாகத்தான் இருக்க முடியும் என்று பிடித்துக்கொண்டு மீதியைத் திறந்தார்கள். அப்படி ஒரு வரி பெரியப்பாவிடமும் இருக்கும் என்று நான்காம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனேன். மகிழ்ச்சியான நாள், துக்கமான நாள், நோட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம். இந்த இடங்களில்தான் கை தாராளமாகிறது என்பது பாட்டி இறந்த பக்கத்தில் தெரிந்த விஷயம்.

செப்டம்பர் 22. "இன்றோடு சிகரெட்டை விட்டு நூறு நாள். நெ. 0."

ஐந்து நோட்டிலும் அந்தச் சொல் அந்த ஒரு தடவைதான் வருகிறது. இதுவே போதும் என்று தோன்றும். ஆனால் ஒரே வரியில் இரண்டும் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது. சரிபார்க்க ஒரு வழி இருந்தது, அதை அவரே தந்திருந்தார்: நூறு. செப்டம்பர் 22ஐ நூறாவது நாளாக வைத்துப் பின்னால் எண்ணினால், செப்டம்பரில் 22, ஆகஸ்டில் 31, ஜூலையில் 31, மொத்தம் 84. மீதி 16 நாள் ஜூனில், அதாவது முதல் நாள் ஜூன் 15. பக்கத்தைத் திருப்பினேன். ஜூன் 14: "நெ. 6." ஜூன் 15: "நெ. 0." அங்கிருந்து வரிசையாகப் பூஜ்யம்.

நெ. என்றால் கடிதமாகவோ வலியாகவோ வேறு எதுவாகவோ இருந்திருந்தால் இந்தத் தேதி இப்படி வந்து உட்கார்ந்திருக்காது. "ஊகம்" என்பதை அடித்து "உறுதி" என்று மாற்றினேன்.

வரிசையாகப் பூஜ்யம் என்று சொன்னேன் அல்லவா, ஓரிடம் தவிர. ஆகஸ்ட் 9: "நெ. ½." நூறு நாளில் அதை அவர் கழிக்கவில்லை. பாதி சிகரெட் கணக்கில் வராது என்று முடிவு செய்திருக்கிறார் போலும். தன் நோட்டிலேயே, தனக்கு மட்டும் புரியும் குறியிலேயே, கொஞ்சம் சலுகை.

பட்டியலில் இப்போது 143 குறிகள். 96 உறுதி, 29 ஊகம், 18 தெரியாது. அந்தப் பதினெட்டில் பதினான்கு ஒரே ஒரு தடவை வருபவை. ஒரு தடவை மட்டும் வரும் குறியை எந்த முறையாலும் திறக்க முடியாது. ஒப்பிட இன்னொரு வரி வேண்டும். அந்த இடத்தில் எவ்வளவு அழகான விரிவு தோன்றினாலும் எழுதக்கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் நெஞ்சுவலி இல்லை என்று சொல்ல நேரிலேயே போனேன். சிகரெட் என்றதும் சிரித்தாள்.

"அப்பாவா? சிகரெட் வாடை வந்தாலே எழுந்து போயிடுவாரேடா!"

"நோட்டுல அப்படித்தான் இருக்குக்கா. மொட்டை மாடிக்குப் போய்."

"மாடிக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் போவார். அம்மா கேட்டா அதைத்தான் சொல்வார்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செ.த." என்ற குறி என் பட்டியலின் முதல் பத்து வரிகளில் ஒன்று. செடிக்குத் தண்ணீர் என்று முதல் நோட்டிலேயே முழுதாக எழுதியிருக்கிறார். விரிவும் பொருளும் ஒன்றுதான், உறுதி என்று எழுதிவிட்டு அதன்பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதற்கும் அந்த ஒரு வரிக் கட்டளையைப் போட்டேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 22 வரை அந்தக் குறி ஒரே ஒரு நாளில் வருகிறது. ஆகஸ்ட் 9.

விரிவு பத்தியைத் தொடவில்லை. பொருள் பத்தியில் "உறுதி"யை எடுத்துவிட்டு "ஊகம்" என்று போட்டேன்.